போட்டோவில் வந்த சூழலியல் வினாத்தாளைப் போடுவது எப்படி: வளர்ச்சி வளைவு, சதுரக்கட்டம், குறியிட்டு மீண்டும் பிடித்தல்

சூழலியல் தாளில் கணக்கு வரும் இடங்கள் மூன்றுதான். இனக்கூட்டம் வளரும் வளைவு, களத்தில் சதுரக்கட்டம் வைத்து எண்ணுவது, விலங்குகளைப் பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடிப்பது. மூன்றிலும் பெருக்கல், வகுத்தலைத் தாண்டி அதிகம் கிடையாது. ஆனாலும் போனில் எடுத்த போட்டோவை வைத்து இந்தக் கேள்விகளைப் போடுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தவறுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் கணக்குக்கு முன்பே, தாளைப் படிக்கும்போதே நடந்துவிடுகின்றன. அதனால் இங்கே படிகளின் வரிசை முக்கியம்.

தேவையானவை: ln பொத்தான் உள்ள கால்குலேட்டர், வரைபடத் தாள், அளவுகோல். போட்டோவில் முழுப் பக்கமும் இருக்க வேண்டும். கேள்வியை மட்டும் வெட்டி எடுத்த படம் போதாது. அட்டவணையின் தலைப்பு, அலகு, "கீழ்க்காணும் தகவல் 4 முதல் 7 வரையான வினாக்களுக்கு" என்பது போன்ற வரி எல்லாம் பெரும்பாலும் வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கும்.

1. முதலில் கேள்வியைக் கையால் எழுதுங்கள்

போட்டோவைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடாதீர்கள். எண்கள், அலகுகள், அட்டவணை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதுதான் எந்த இடம் தெளிவாக இல்லை என்பது கண்ணில் படும்.

போட்டோவில் முதலில் அழிவது சின்ன எழுத்துகள். மேலே ஏறி நிற்கும் 2, தசமப் புள்ளி, கழித்தல் குறி ஆகிய மூன்றையும் தனியாகத் தேடிப் பாருங்கள். "0.5 மீ × 0.5 மீ" என்பதும் "0.5 மீ²" என்பதும் மங்கலான படத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். விடையோ இரண்டு மடங்கு மாறிவிடும்.

ஓர் இலக்கம் தெரியவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம், அதில் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த உட்பிரிவுகளைப் படித்தால் பல சமயம் விடை அங்கேயே இருக்கும். நான் பார்த்த ஒரு தாளில் மீண்டும் பிடிபட்ட நத்தைகளின் எண்ணிக்கை 15 என்றும் தெரிந்தது, 18 என்றும் தெரிந்தது. இரண்டாம் பிடிப்பு மொத்தம் 75. அடுத்த உட்பிரிவு "பிடிபட்டவற்றில் 20 விழுக்காடு குறியுடையவை எனக் காட்டுக" என்றது. 75-ல் 20 விழுக்காடு 15. அதோடு குழப்பம் தீர்ந்தது.

2. எழுத்துகளைப் பிரித்து வையுங்கள்

இந்தத் தாள்களில் சின்ன r என்பது வளர்ச்சி வீதம். பெரிய R என்பது மீண்டும் பிடிபட்ட குறியுள்ள விலங்குகள். போட்டோவில், அதுவும் கையெழுத்துத் தாளில், இரண்டும் ஒன்றாகிவிடும். சில தாள்கள் மீண்டும் பிடிபட்டதைச் சின்ன m என்று எழுதும், முதலில் குறியிட்டதைப் பெரிய M என்று எழுதும். அதனால் எழுத்தை நம்பாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எதை எண்ணியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "M = முதல் நாள் குறியிட்டது" என்று எழுதிவிட்டால் பிறகு மாறாது.

3. வளைவைப் பார்க்கும் முன் அச்சைப் படியுங்கள்

வளைவின் வடிவத்தைப் பார்த்தவுடன் ஜே, எஸ் என்று பெயர் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். நிலைக்குத்து அச்சில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எண்ணிக்கையா, எண்ணிக்கையின் மடக்கையா, வளர்ச்சி வேகமா?

சம இடைவெளியில் 10, 100, 1000 என்று இருந்தால் அது மடக்கை அச்சு. அதில் நேர்கோடாக ஏறுவது சீரான வளர்ச்சி இல்லை. சம கால இடைவெளியில் ஒரே மடங்கு பெருகும் அடுக்குக்குறி வளர்ச்சி, அதாவது ஜே வடிவம். எஸ் வளைவை இதே அச்சில் வரைந்தால் எஸ் போலத் தெரியாது. முதலில் நேராக ஏறி, பிறகு மெல்ல வளைந்து தட்டையாகும், அவ்வளவுதான். இன்னொன்று, மடக்கை அச்சில் 10-க்கும் 100-க்கும் நட்டநடுவில் இருக்கும் புள்ளி 55 அல்ல, ஏறக்குறைய 32.

புள்ளியின் மதிப்பைப் படிக்கும்போது திரையில் அளவுகோல் வைத்து அடி அச்சிலிருந்து அளக்க வேண்டாம். சாய்வாக எடுத்த போட்டோவில் மேலே உள்ள கட்டங்கள் கீழே உள்ளவற்றைவிடச் சிறிதாக விழும். புள்ளிக்கு மேலும் கீழும் உடனடியாக உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் அது எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

4. எந்த வளர்ச்சி வேகத்தைக் கேட்கிறார்கள்?

அதிகம் பேர் விழும் இடம் இது, அதனால் ஒரு கணக்கையே முழுதாகப் போடலாம். ஒரு ஜாடியில் நீர்த்தெள்ளுகளை வளர்த்து இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணியதாக அட்டவணை தருகிறார்கள்:

```
நாள்         0   2   4    6    8    10   12   14
எண்ணிக்கை   20  50  112  206  297  355  382  393
```

அடுத்தடுத்த கூடுதலை எழுதுங்கள்: 30, 62, 94, 91, 58, 27, 11. ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, இறங்குகிறது. இது மொத்த இனக்கூட்டத்தின் வளர்ச்சி வேகம். "எப்போது இனக்கூட்டம் மிக வேகமாக வளர்ந்தது" என்று கேட்டால் 4-ம் நாளுக்கும் 6-ம் நாளுக்கும் இடையில், நாளுக்கு 47 வீதம் என்பது விடை.

"ஒரு உயிரிக்கான வளர்ச்சி வீதம்" என்று கேட்டால் கணக்கே வேறு. அதற்கு இந்தச் சூத்திரம்:

```
ln(N₂ / N₁) ÷ நாட்கள்
```

முதல் இரண்டு நாளுக்கு ln(50/20) ÷ 2 = 0.458. நான்கிலிருந்து ஆறாம் நாள் வரை ln(206/112) ÷ 2 = 0.305. பத்திலிருந்து பன்னிரண்டு வரை 0.037. இது தொடக்கத்திலிருந்தே குறைந்துகொண்டே போகிறது, நடுவில் உச்சம் என்பதே இல்லை.

இரண்டும் எப்படி ஒரே ஜாடியில் நடக்கும் என்று குழம்ப வேண்டாம். கூட்டம் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் உணவும் இடமும் குறைகின்றன, அதனால் தலைக்குப் பிறக்கும் குஞ்சுகள் குறைகின்றன. ஆனால் தொடக்கத்தில் தலைகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுவதால் மொத்தக் கூடுதல் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு தலைக்கான பிறப்பு குறைவது அதை மிஞ்சிவிடுகிறது. லாஜிஸ்டிக் சமன்பாடு சொல்வதும் இதைத்தான்:

```
dN/dt = rN(1 − N/K)
```

இதில் K என்பது அந்த இடம் தாங்கும் எண்ணிக்கை. N அதன் பாதியைத் தொடும்போது மொத்த வேகம் உச்சம், அதன் அளவு rK/4. எண்ணிக்கை K-ஐ நெருங்கும்போது வேகம் உச்சம் என்று எழுதுவது தவறு. அங்கே வேகம் சுழியை நெருங்குகிறது. வளைவு உயரமாக இருக்கும் இடத்தையும் செங்குத்தாக இருக்கும் இடத்தையும் கண் ஒன்றாக்கிக்கொள்வதால் வரும் தவறு இது.

5. படத்தின் மேல் பகுதி வெட்டுப்பட்டிருந்தால் K-ஐ எப்படி எடுப்பது?

வளைவு தட்டையாகும் பகுதிதான் போட்டோவில் அடிக்கடி வெட்டுப்படும். கீழ்ப்பகுதிப் புள்ளிகள் இருந்தாலே K-ஐ மதிப்பிடலாம். சமன்பாட்டை N-ஆல் வகுத்தால் ஒரு உயிரிக்கான வீதம் r(1 − N/K), அதாவது N கூடக்கூட நேர்கோட்டில் இறங்கும் அளவு. அந்தக் கோடு சுழியைத் தொடும் இடமே K.

மேலே கண்ட இரண்டு வீதங்களையே எடுத்துக்கொள்வோம். 0.458 என்பது 20-க்கும் 50-க்கும் இடைப்பட்ட காலத்துக்கானது, அதன் சராசரி எண்ணிக்கை 35. 0.305-க்கு 112, 206-ன் சராசரி 159. எண்ணிக்கை 124 கூடியபோது வீதம் 0.153 குறைந்திருக்கிறது, அதாவது ஒன்றுக்கு ஏறக்குறைய 0.00123. கோட்டைப் பின்னால் நீட்டினால் N = 0-ல் வீதம் 0.50, இதுதான் r. முன்னால் நீட்டினால் சுமார் 406-ல் சுழி, இதுதான் K. அட்டவணையின் கடைசி எண்கள் 382, 393 என்று நானூறை நோக்கிப் போவதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

K-க்கு 400 என்று வைத்து rK/4 போட்டால் நாளுக்கு 50 வருகிறது, அட்டவணையில் நாம் கண்டது 47. இரண்டு நாள் சராசரி என்பதால் உச்சம் கொஞ்சம் மழுங்கித் தெரிவது இயல்பு. நான்காவது படியில் கிடைத்த விடையை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழி வளைவு உண்மையில் லாஜிஸ்டிக் ஆக இருந்தால்தான் வேலை செய்யும். மூன்று நான்கு வீதங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். கோடு இறங்கவே இல்லை, ஒரே மட்டத்தில் இருக்கிறது என்றால் அது ஜே வளைவு, அந்தத் தரவிலிருந்து K எடுக்க முடியாது.

6. சதுரக்கட்டம்: பரப்பை முதலில் கணக்கிடுங்கள்

ஒரு புல்வெளி 40 மீ × 25 மீ. பக்கம் 0.5 மீ உள்ள சதுரக்கட்டத்தைப் பத்து இடங்களில் வைத்து ஒரு செடியை எண்ணுகிறார்கள்: 3, 0, 5, 1, 4, 2, 0, 6, 1, 3. மொத்தம் 25, கட்டத்துக்குச் சராசரி 2.5.

இப்போது கட்டத்தின் பரப்பு 0.5 × 0.5 = 0.25 மீ². சதுர மீட்டருக்கு 2.5 ÷ 0.25 = 10 செடி. புல்வெளி 1000 மீ², எனவே 10,000 செடிகள். பரப்பை 0.5 என்று எடுத்தால் 5000 வரும். முதல் படியில் அலகை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சுழி வந்த கட்டங்களை விட்டுவிடுவது இன்னொரு தவறு. "அங்கே செடியே இல்லையே, எதற்கு எண்ண வேண்டும்" என்று தோன்றும். ஆனால் செடி இல்லாத இடமும் புல்வெளியின் பகுதிதான். எட்டால் வகுத்தால் விடை 12,500 ஆகி, இல்லாத செடிகள் 2500 கூடிவிடும்.

கட்டங்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு "சீரற்ற முறையில்" என்ற ஒற்றைச் சொல் போதாது. இரண்டு ஓரங்களில் அளவு நாடா விரித்து, சீரற்ற எண் அட்டவணையிலிருந்து ஜோடி எண்கள் எடுத்து, அவற்றை ஆயத்தொலைவாக வைத்துக் கட்டம் போட வேண்டும் என்று எழுதுங்கள். கண்ணை மூடிக் கட்டத்தை வீசுவது சீரற்ற முறை ஆகாது. வீசுகிறவர் நிற்கும் இடமும் திசையும் அவர் தேர்வுதான். ஓரத்தில் பாதி உள்ளே நிற்கும் செடிக்கும் ஒரு விதி வேண்டும். இரண்டு பக்கங்களில் தொடுவதை எண்ணுவது, மற்ற இரண்டில் விடுவது என்பது வழக்கம். எல்லா ஓரத்தையும் எண்ணினால் அடர்த்தி கூடிவிடும்.

இந்தப் பத்துக் கட்டங்கள் மொத்தம் 2.5 மீ², அதாவது புல்வெளியில் 0.25 விழுக்காடு. எண்களும் சுழியிலிருந்து ஆறு வரை சிதறியிருக்கின்றன. 95 விழுக்காட்டு எல்லையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 4,100 முதல் 15,900 வரை போகும். "இந்த மதிப்பீட்டை எப்படி மேம்படுத்துவாய்" என்ற கேள்விக்கு இந்த அகலம்தான் காரணம். கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே விடை.

7. பிடித்து, குறியிட்டு, மீண்டும் பிடிப்பது

ஓடும், ஒளியும் விலங்குகளுக்குச் சதுரக்கட்டம் ஒத்துவராது. அப்போது இந்த முறை. நத்தைக் கணக்கையே எடுப்போம். முதல் இரவு 60 நத்தைகளைப் பிடித்து ஓட்டில் சிறு பெயிண்ட் புள்ளி வைத்து விடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து 75 பிடிக்கிறார்கள், அதில் 15-ல் புள்ளி இருக்கிறது.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்குப் பதில் விகிதத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் பிடிப்பில் ஐந்தில் ஒன்றுக்குப் புள்ளி இருக்கிறது. குறியுள்ளவை நன்றாகக் கலந்திருந்தால் மொத்தக் கூட்டத்திலும் ஐந்தில் ஒன்றுக்குப் புள்ளி இருக்க வேண்டும். புள்ளி வைத்தது 60, ஆக மொத்தம் 300. சூத்திரத்தில் C என்பது இரண்டாம் பிடிப்பின் மொத்தம்.

```
N = M × C ÷ R = 60 × 75 ÷ 15 = 300
```

இப்படி யோசித்தால் சூத்திரம் தலைகீழாகாது. R மேலே போய்விட்டால் 60 × 15 ÷ 75 = 12 வரும். நாம் கையில் பிடித்ததே அதைவிட அதிகம் என்பதால் உடனே தெரிந்துவிடும். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு முறையிலும் சேர்த்து நேரில் பார்த்த வெவ்வேறு நத்தைகள் 60 + 75 − 15 = 120. மதிப்பீடு அதற்குக் கீழே இருந்தால் கணக்கு தவறு.

கேள்வியின் சொற்களிலும் ஒரு பொறி உண்டு. "இரண்டாம் முறை குறியில்லாதவை 60, குறியுள்ளவை 15 பிடிபட்டன" என்று தருவார்கள். இங்கே C என்பது இரண்டும் சேர்ந்த 75. குறியில்லாத 60-ஐ C என்று எடுத்தால் 240 வரும். இந்த விடை 120-க்கு மேலேதான் இருக்கிறது, அதனால் மேலே சொன்ன சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. சொற்களைக் கவனித்துப் படிப்பது ஒன்றே வழி.

R சிறிதாக இருந்தால் சாதாரணச் சூத்திரம் மதிப்பீட்டைக் கூட்டிச் சொல்லும். அதற்குச் சாப்மன் திருத்தம் உண்டு:

```
N = (M+1)(C+1) ÷ (R+1) − 1 = 61 × 76 ÷ 16 − 1 ≈ 289
```

தாளில் இதைக் கேட்டால் மட்டும் பயன்படுத்துங்கள். 300 எதிர்பார்க்கும் கேள்விக்கு 289 எழுதினால் திருத்துகிறவர் குழம்புவார். இந்த மதிப்பீட்டின் திட்டப்பிழை சுமார் 54, எனவே 95 விழுக்காட்டு எல்லை ஏறக்குறைய 184 முதல் 394 வரை. 300 என்று அழகாக வந்த எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு அகலம் இருக்கிறது. விடையை 288.75 என்று தசமத்தோடு எழுதுவதில் பொருளில்லை.

8. நிபந்தனை உடைந்தால் விடை எந்தப் பக்கம் போகும்?

அதிக மதிப்பெண் இந்த உட்பிரிவுக்குத்தான், அதிகம் பேர் பாதியோடு நிறுத்துவதும் இங்கேதான். "குறி அழிந்தால் மதிப்பீடு தவறாகும்" என்பது அரை விடை. கூடுமா, குறையுமா, ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தவறால் R-க்கு என்ன ஆகும்? R கீழே இருப்பதால் அது குறைந்தால் N கூடும், அது கூடினால் N குறையும்.

நத்தையிலேயே பார்ப்போம். உண்மையில் 300 இருக்கின்றன. 60-ல் 10 நத்தைகளின் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. குறியோடு இருப்பது 50 மட்டும், ஆறில் ஒன்று. 75 பிடித்தால் சராசரியாக 12.5-ல்தான் புள்ளி தெரியும். ஆனால் கணக்கில் நாம் இன்னும் 60 என்றே போடுகிறோம், விடை 360. குறி அழிந்தால் மிகை மதிப்பீடு.

மற்றவையும் இதே வழிதான். பளிச்சென்ற பெயிண்டால் குறியுள்ள நத்தை பறவையின் கண்ணில் பட்டு இறந்தாலும், ஒருமுறை பிடிபட்ட விலங்கு பொறியைத் தவிர்த்தாலும் R குறையும், N கூடும். பொறியில் இரை தின்று பழகித் திரும்ப வந்தால் R கூடும், N குறையும். கலக்க நேரம் கொடுக்காமல் மறுநாளே அதே மூலையில் பிடித்தாலும் R கூடும், N குறையும்.

புதிதாக வருவதும் வெளியே போவதும் கொஞ்சம் நுணுக்கமானவை. குறியில்லாத 50 நத்தைகள் இடையில் வந்து சேர்ந்தால் கூட்டம் 350, அதில் 60-க்குக் குறி, மதிப்பீடும் 350 பக்கம் வரும். இரண்டாம் நாள் கூட்டத்துக்கு இது சரியான விடை, முதல் நாள் கூட்டத்துக்கு மிகை. மாறாக, குறியுள்ளவையும் இல்லாதவையும் ஒரே வீதத்தில் இறந்தாலோ வெளியேறினாலோ விகிதம் மாறாது, மதிப்பீடு முதல் நாள் எண்ணிக்கையையே சொல்லும். "இறப்பு நடந்தால் விடை தவறு" என்று மட்டும் எழுதாமல், எந்த நாளுக்கான எண்ணிக்கை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கேள்வி நாளைச் சொல்லவில்லை என்றால் முதல் நாளை வைத்துக்கொண்டு, அப்படி வைத்துக்கொண்டதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

9. வட்டமிட்ட இலக்கத்துக்குத் திரும்புங்கள்

முதல் படியில் வட்டம் போட்ட எண் இன்னும் தீரவில்லை என்றால், இரண்டு வாசிப்பிலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். R 15 என்றால் 300, 18 என்றால் 250. வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் 184–394 என்ற எல்லைக்குள் இரண்டும் அடங்குகின்றன. R 5 அல்லது 6 என்றாலோ 900, 750 என்று தாவும். கீழே உள்ள எண் சின்னதாக ஆக, ஓர் இலக்கத்தின் விலை கூடுகிறது. அப்படிப்பட்ட கேள்வியில் ஊகித்து எழுதாதீர்கள், அந்தப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் நேர் மேலிருந்து மறுபடி போட்டோ எடுத்து வாங்கிய பிறகு போடுங்கள்.